ஒரு வணிகனின் கொலை, இரண்டு காப்பியங்கள்

சிலப்பதிகாரத்தின் பதிகம் ஒரு விந்தையான செய்தியோடு தொடங்குகிறது. ஒரு முலை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மரத்தடியில் நின்றதையும், வானுலகத்தார் வந்து அவளைக் கணவனோடு அழைத்துச் சென்றதையும் குன்றக் குறவர்கள் இளங்கோவடிகளிடம் வந்து சொல்கிறார்கள். உடனிருந்த சாத்தனார், அவள் கதை தமக்குத் தெரியும் என்கிறார். மதுரை எரிந்த நாளில், நள்ளிரவில், வெள்ளியம்பலத்தில் தாம் படுத்திருந்தபோது மதுராபதி என்னும் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் கேட்டாராம். கோவலன் முற்பிறப்பில் செய்த ஒரு கொலையின் பயன் இப்பிறப்பில் வந்து சேர்ந்தது என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சிலம்பு உடைந்ததும் மன்னன் மாண்டதும் நகர் எரிந்ததும் ஊரறிந்த நிகழ்ச்சிகள். அவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் உண்டு என்பது மட்டும் இரவில் ஒட்டுக்கேட்ட செய்தி. காப்பியம் பிறப்பது அந்தக் காரணத்தைக் கேட்ட பிறகுதான். மணிமேகலை என்னும் பௌத்த காப்பியத்தை இயற்றியவர் கேட்ட செய்தி, சமணச் சார்புடைய காப்பியத்துக்கு வித்தாகிறது. பதிகம் பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று கருதுவோர் உண்டு. அப்படியே இருந்தாலும், இரு நூல்களையும் இணைக்கும் முடிச்சு எது என்று பதிகம் செய்தவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அந்த முற்பிறப்புக் கதை கட்டுரை காதையில் விரிவாக வருகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்தை வசு என்பவனும், கபிலபுரத்தைக் குமரன் என்பவனும் ஆண்டார்கள். இருவரும் பகைவர்கள். இரு நகர்களுக்கும் நடுவே 6 காவத தூரம். போரினால் அந்த வழியில் யாரும் நடமாடுவதில்லை. கபிலபுரத்து வணிகன் சங்கமன், பொருள் ஈட்டும் ஆசையால், மனைவி நீலியுடன் மறைவாகச் சிங்கபுரம் சென்று கடைத்தெருவில் அணிகலன் விற்கிறான். அங்கே அரசனிடம் பணிபுரியும் பரதன் அவனைப் பிடித்து, பகைவரின் ஒற்றன் என்று அரசனுக்குக் காட்டிக்கொடுத்துக் கொல்விக்கிறான். நீலி அரற்றிக்கொண்டு தெருத்தெருவாக 14 நாள்கள் திரிகிறாள். பிறகு ஒரு மலையுச்சியில் ஏறி, தமக்கு இத்துயரைச் செய்தவர்களுக்கும் இதே துயரம் வரட்டும் என்று சொல்லிக் குதித்துவிடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன்.

இரண்டு பிறப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இதைக் கட்டியவரின் கை தெரியும். முன்பு ஒரு வணிகன் வேற்றூருக்கு மனைவியோடு போய் அணிகலன் விற்றான். இப்போதும் அதுவே நடக்கிறது. முன்பு அரசனுக்கு வேண்டிய ஒருவன் பொய்ப்பழி சுமத்தினான். இப்போது அரண்மனைப் பொற்கொல்லன் சுமத்துகிறான். இரு அரசர்களும் விசாரிக்காமல் நம்பினார்கள். கோவலன் அன்று பொற்கொல்லன் இருந்த இடத்தில் இருந்தவன். பொற்கொல்லன் அவனுக்குச் செய்தது அவன் சங்கமனுக்குச் செய்ததுதான். 14 நாள் கணக்கும் அப்படியே திரும்புகிறது. நீலி திரிந்தது 14 நாள். கண்ணகி கணவனைத் தெய்வ வடிவில் காண்பதும் 14 நாள் கழித்து. இப்படி ஒரு பிறப்பின் நிகழ்ச்சியை இன்னொரு பிறப்பின் அச்சாக வார்த்துக் கதை சொல்லும் முறை அதற்கு முந்திய தமிழ்ப் பாட்டில் இல்லை.

மறுபிறப்பு என்ற எண்ணமே சங்கப் பாட்டில் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இப்பிறப்பு மாறி மறுபிறப்பு வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும் என்று குறுந்தொகைத் தலைவி ஒருத்தி சொல்கிறாள். ஆனால் அங்கே மறுபிறப்பு ஒரு விருப்பம். காதல் நீள வேண்டும் என்பதற்காக ஆயுளை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கேட்கிறாள், அவ்வளவுதான். கணக்கு, கடன், வட்டி எதுவும் அதில் இல்லை. காதலரைச் சேர்த்துவைக்கும் விதியைத் தொல்காப்பியம் பால் என்கிறது. அந்தப் பாலுக்கும் நினைவு கிடையாது. இவர்களை ஏன் சேர்த்தது, இவர்கள் முன்பு என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வினைக் கணக்கு பற்றிய பேச்சு ஊரில் உலவத் தொடங்கியதும் பாணரும் புலவரும் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்குப் புறநானூறே சான்று. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பில் செய்தால் அடுத்த பிறப்பில் பயன் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் எங்கள் ஆய் என்கிறார். சான்றோர் போன வழி என்பதால் அவன் கொடுக்கிறான். வடக்கிருக்கப் போகும் கோப்பெருஞ்சோழனோ வேறொரு தொனியில் பேசுகிறான். நல்வினைக்கு மேலுலக இன்பம் இருக்கலாம், பிறவாமை வாய்க்கலாம், அப்படி எதுவும் இல்லை என்றாலும் பழியற்ற உடம்போடு சாகும் புகழாவது நிற்கும் என்று அவன் ஒவ்வொன்றாக எடை போடுகிறான். ஒருவர் மறுக்கிறார், ஒருவர் ஐயத்தோடு தொட்டுப் பார்க்கிறார். புதிய கருத்து ஒன்று ஒரு மொழிக்குள் நுழையும் தருணத்தை இவ்வளவு அருகில் பார்க்கக் கிடைப்பது அரிது.

முடமோசியார் வணிகன் என்ற சொல்லைத் தேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் சமணத் துறவியருக்காகக் கற்படுக்கைகள் வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் காணலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டு அளவில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வருகிறது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் பெயரும் வருகிறது. உழவனுக்கும் ஆயனுக்கும் ஊரை விட்டு நெடுந்தூரம் போக வேண்டிய தேவை குறைவு. வணிகன் பகைநாட்டு வழியிலும் நடந்தாக வேண்டும்; அறிமுகமில்லாத ஊரில் அவனுக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. மன்னனின் வீரத்தைப் பாடும் புறப்பாட்டு மரபில் அவனுக்கு இடமுமில்லை. போரில் பட்டால் வீரனுக்கு நடுகல் உண்டு. பொய்ப்பழியால் வெட்டுண்ட வணிகனுக்கு என்ன உண்டு? அந்தக் கேள்விக்குத் தமிழில் முதலில் விடை தேடியவை சமண பௌத்த மரபில் வந்த காப்பியங்கள். சங்கமன் வணிகன், கோவலன் வணிகன், மணிமேகலையில் வரும் சாதுவன் வணிகன்.

சிலப்பதிகாரத்தில் சமணம் எங்கே இருக்கிறது என்று தேடுவோர் பெரும்பாலும் சாரணர் உரையையோ அருகன் துதியையோ எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைவிடக் கவுந்தியடிகள் வழி சொல்லும் இடம் முக்கியம். கடிஞையையும் கைப்பீலியையும் எடுத்துக்கொண்டு கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படும்போது, எந்த வழியாகப் போனால் என்ன இடர் என்று அவர் சொல்கிறார். சோலை வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், தெரியாமல் காலை வைப்பீர்கள். வயல் வழியே போனால், கரும்பில் கட்டிய தேன்கூடு உடைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும், தாகத்தில் உன் மனைவி அள்ளிக் குடித்துவிடுவாள். களை பறித்தவர்கள் வரப்பில் போட்ட குவளை மலர்களில் வண்டு கிடக்கும், நடந்த களைப்பில் மிதித்துவிடுவீர்கள். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் உங்கள் காலடியில் நசுங்கும், அந்தப் பாவம் தாங்க முடியாதது.

பாட்டாகப் படித்தால் இது காவிரி நாட்டு மருத வளம். சோலை, கரும்பு, குவளை, நண்டு எல்லாம் சங்கப் பாட்டில் பழகிய பொருள்கள்தாம். அதே நண்டு அங்கே தலைவனின் நடத்தையைக் குறிப்பால் உணர்த்த வரும். இங்கே அது மிதிபட்டால் சாகும் ஓர் உயிர். தேன் ஏன் விலக்கு? அதை எடுப்பதில் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன என்று சமணர் அதை உண்பதில்லை. கருப்பொருள் பட்டியல் மாறவில்லை, அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. கொள்கை இலக்கியத்துக்குள் வந்து சேர்வது இப்படித்தான் என்று நான் கருதுகிறேன்: போதனையாக வருவது ஒரு பங்கு, நிலத்தைப் பார்க்கும் பழக்கமாக வருவது பல பங்கு.

ஆயர்பாடியில் கோவலன் உண்ணும் கடைசி உணவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அவர்கள் சாவக நோன்பிகள், அதாவது இல்லறத்தில் இருந்துகொண்டே சமண விரதம் காப்பவர்கள். பொழுதோடு உண்ண வேண்டியவர்கள். அதனால் மாதரி கண்ணகிக்குப் புதுக்கலங்களும், பலாக்காயும், வெள்ளரியும், மாதுளங்காயும், மாம்பழமும், வாழைப்பழமும், சாலியரிசியும், பாலும் தயிரும் கொடுக்கிறாள். கண்ணகி காயை அரிவாள்மணையில் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. நிணமும் கள்ளும் மணக்கும் புறப்பாட்டு விருந்துகளை நினைத்துக்கொண்டு இந்த அடுக்களைக்குள் வந்தால் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரியும்.

இந்த விரதத்துக்கும் முற்பிறப்புக் கதைக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. பரதனை அறிமுகப்படுத்தும்போது அவன் விரதம் நீங்கியவன் என்ற குறிப்பு வருகிறது. கொல்லா விரதத்தைக் கைவிட்டவன் என்பது அதன் கருத்து. ஒரு சொல்தான்; கதையின் சமணக் கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. சென்ற பிறப்பில் விரதத்தை விட்டதால் கொலை செய்தவன், இந்தப் பிறப்பில் விரதத்தோடு கடைசிச் சோற்றை உண்டுவிட்டுக் கொலைக்களத்துக்குப் போகிறான். விரதம் இப்போது அவனைக் காக்கவில்லை. ஏற்கெனவே ஒட்டிய வினை பயனைக் கொடுத்துத்தான் தீர வேண்டும். வினை உயிரோடு ஒட்டும் ஒரு நுண்பொருள் என்பதும், முதிர்ந்தால் அது பயனை ஊட்டியே கழியும் என்பதும் சமணர் கொள்கை. பதிகம் ஊழ்வினையைப் பற்றிச் சொல்லும்போதும் ஊட்டுதல் என்ற வினைச்சொல்லையே ஆள்கிறது.

ஆனால் சிலப்பதிகாரம் இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவதில்லை. அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்பதும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பதும் ஊழ்வினையோடு சேர்ந்தே பதிகத்தில் நிற்கின்றன. கோவலன் சாவது அவன் வினையால் என்றால் பாண்டியனுக்கு என்ன குற்றம்? காப்பியம் அவனுக்கு விலக்குத் தரவில்லை. தான் அரசனல்லன், கள்வன் என்று சொல்லிக்கொண்டு அவன் அரியணையிலேயே விழுந்து சாகிறான். கண்ணகியின் பங்கு இன்னும் தெளிவில்லாதது. முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய நோன்பில் தவறிவிட்டாய் என்று தேவந்தி அவளிடம் சொல்கிறாள். புகாரின் இரு குளங்களில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள். அது பெருமையன்று என்று ஒரே சொல்லில் கண்ணகி மறுத்துவிடுகிறாள். சங்கமன் கதையிலும் அவள் செய்த குற்றம் எதுவும் சொல்லப்படுவதில்லை. கணவனின் வினையை மனைவி ஏன் சுமக்க வேண்டும் என்பதற்கு விடை காப்பியத்தில் இல்லை. ஊழ் என்ற விளக்கம் கண்ணகியின் அருகே வரும்போது வலுவிழக்கிறது. அந்த இடத்தைத்தான் அவளுடைய சினம் நிரப்புகிறது.

அந்தச் சினத்தைச் சிலப்பதிகாரம் எங்கும் குற்றமாகச் சொல்லவில்லை. கொல்லாமையை உயிராகப் போற்றும் மரபில் நின்று எழுதிய கவிஞர், ஒரு நகரை எரித்தவளைக் குறைகூறாமல் தெய்வமாக்கி, இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுக்க வைக்கிறார். எரிக்கும்போதே பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விலக்கச் சொன்னாள் என்பது ஒரு தணிப்பு. இருந்தாலும் நண்டுக்குச் சொன்ன பாவம் நகருக்குச் சொல்லப்படவில்லை. நாட்டார் வழிபாட்டில் ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பத்தினித் தெய்வத்தின் கதையை எடுத்தாண்டதால் இளங்கோவின் கை அந்த இடத்தில் கட்டுண்டிருந்தது என்பது என் கணிப்பு.

அந்த இடத்தில்தான் சாத்தனார் வேறுபடுகிறார். மணிமேகலையின் 26ஆம் காதையில், வஞ்சி நகரக் கோயிலில் தாய் கண்ணகியின் படிமத்தின் முன் மணிமேகலை நிற்கிறாள். கணவனோடு ஏன் எரிமூழ்கவில்லை, எங்களுக்குச் சொல் என்று அழுது கேட்கிறாள். படிமம் பேசுகிறது. சங்கமன், நீலி, பரதன் எல்லாம் அப்படியே வருகின்றன. இதுவரை சிலப்பதிகாரம்தான். அதன்பின் படிமம் ஒன்றைக் கூட்டுகிறது: முன்வினை வந்து சேராமல் ஒழியாது என்ற உண்மையை மதுராபதி எனக்குச் சொன்ன பின்னும் நான் சினம் கொண்டு நகரை அழித்தேன். நல்வினையால் இப்போது வானுலகில் இருக்கிறோம். அது தீர்ந்ததும் அந்தச் சினத்தின் பாவம் எவ்வகையாலும் எங்களை வந்து அடையும். பல பிறவிகள் எடுத்து உழல்வோம். கபிலையில் புத்தர் தோன்றி அறம் உரைக்கும் காலத்தில் அதைக் கேட்டுப் பிறவி அறுப்போம்.

கவனிக்க வேண்டியது சொல்பவர் யார் என்பது. கண்ணகியைக் குறைகூறும் வேலையைச் சாத்தனார் ஒரு துறவிக்குக் கொடுக்கவில்லை. அறவண அடிகள் சொல்லியிருந்தால் அது மதவாதம். கோயிலில் பூசை கொள்ளும் தெய்வமே, தன் படிமத்திலிருந்து, தன் மகளிடம் ஒப்புக்கொள்வதாக வைத்துவிட்டார். நிகழ்ச்சிகளின் வரிசையையும் மெல்லத் திருப்பியிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் நகர் எரிந்துகொண்டிருக்கும்போது தெய்வம் பின்னால் வந்து பேசுகிறது. காரணம் தெரிவதற்கு முன்பே தீ பற்றிவிட்டது. மணிமேகலையில் காரணத்தைக் கேட்ட பிறகும் அழித்தேன் என்கிறாள். அறிந்தும் செய்ததாக மாற்றியதால் குற்றம் முழுமையாகிறது.

ஏன் சினத்தைக் குறிவைக்கிறார்? பௌத்தத்தில் வினையின் வேர் எண்ணத்தில் இருக்கிறது. மணிமேகலை சொல்லும் 10 தீவினைகளில் உடலில் தோன்றுவன கொலை, களவு, காமம் என 3. சொல்லில் தோன்றுவன பொய், குறளை, கடுஞ்சொல், பயனில் சொல் என 4. உள்ளத்தில் தோன்றுவன வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என 3. வெகுளி தனியே ஒரு வினையாக அதில் நிற்கிறது. உதயகுமரன் கதையும் இதையே சொல்கிறது. மணிமேகலையைப் பின்தொடர்ந்த அந்தச் சோழ இளவரசனைக் காஞ்சனன் என்னும் விஞ்சையன் வாளால் வெட்டுகிறான். தூணில் உள்ள கந்திற்பாவை சொல்லும் காரணம் இது: முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, பிரமதருமன் என்னும் முனிவருக்கு உணவு சமைக்க வந்த சமையற்காரன் கால்தடுக்கி விழுந்தான். கலங்கள் சிதைந்தன, உணவு வீணாயிற்று. இராகுலன் ஆத்திரத்தில் வாளை எடுத்து அவனை வெட்டினான். நல்ல காரியம் நடந்துகொண்டிருந்தது. முனிவருக்கு அன்னமிட்ட புண்ணியமும் அவனுக்கு உண்டு. ஒரு கணக் கோபத்தில் வேறொரு கணக்கு தொடங்கிவிட்டது. புண்ணியமும் பாவமும் ஒன்றையொன்று கழிக்காமல் தனித்தனியே வந்து சேர்கின்றன. கண்ணகிக்கும் அதே விதிதான்: கற்பின் நல்வினைக்கு வானுலகம், சினத்துக்கு மறுபிறவி.

செயலை வைத்து எடை போடுவதா, எண்ணத்தை வைத்தா என்ற வேறுபாடு பின்னாளில் நேரடி வாதமாகவே வெடித்தது. பௌத்த காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் நீலகேசியை எழுதினார்கள். தமக்காகக் கொல்லப்படாத இறைச்சியை உண்பதில் பாவமில்லை என்ற பௌத்தர் நிலையை நீலகேசி கடுமையாகச் சாடுகிறாள். உண்பவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான் என்பது அவள் வாதத்தின் அடிப்படை. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் செய்யுள்கள் சில, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையில் எடுத்தாளப்பட்டதால்தான் தப்பிப் பிழைத்தன. தோற்கடிக்க எழுதியவர்களின் சுவடியிலிருந்தும் இன்று நாம் அந்த பௌத்த காப்பியத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நூல்களைப் படிக்கும் அறிவுகூட ஒரு கட்டத்தில் அறுந்துபோயிருந்தது. சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அதன் பொருளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். சமணர் இருந்தார்கள், கேட்க முடிந்தது. மணிமேகலைக்கு அப்படிக் கேட்கத் தமிழ்நாட்டில் பௌத்தர் இல்லை. பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் படித்திருந்த மளூர் ரங்காசாரியாரின் துணையோடுதான் அவரால் 1898இல் அதை வெளியிட முடிந்தது. சிலப்பதிகாரத்தை வெளியிட்டு அதற்குள் 6 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். ஒன்றைப் படிக்க அண்டை வீட்டார் போதும், மற்றொன்றுக்குக் கடல் கடந்து போய்த் திரும்பிய அறிவு வேண்டியிருந்தது.

மறுபடி சங்கமன் கதைக்கே வருகிறேன். சிலப்பதிகாரத்தின் கணக்குப்படி நீலி நியாயம் கேட்டவள். அவள் சொன்னபடியே நடந்தது. மணிமேகலையின் கணக்கை வைத்துப் பார்த்தால், மலையுச்சியில் நின்று அவள் இட்ட சாபமும் வெகுளியில் பிறந்த ஒரு வினைதான். கண்ணகிக்குச் சொன்னது அவளுக்கும் பொருந்த வேண்டும். பரதன் யாராகப் பிறந்தான், கண்ணகி இனி என்ன ஆவாள், இராகுலன் எப்படி இறந்தான் என்றெல்லாம் இரு கவிஞர்களும் சொல்கிறார்கள். 14 நாள் தெருவில் அரற்றித் திரிந்த அந்த வணிகன் மனைவி அடுத்து எங்கே பிறந்தாள் என்பதை இருவருமே சொல்லவில்லை.